டைரக்டரின் மச்சான் ஓட்டும் லோரி: கணக்குக் குறிப்பில் போட வேண்டுமா?

ஜூரு மல்லிகா

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜூருவில் ஒரு செண்டிரியான் பெர்ஹாட்டில் கணக்கு பார்க்கிறேன். பிளாஸ்டிக் டப்பாவும் மூடியும் செய்கிற சின்ன கம்பெனி. டிசம்பர் 31-ல் வருடக் கணக்கு முடிந்தது, இப்போது ஆடிட் நடக்கிறது.

ஆடிட்டர் ஆபீஸ் அனுப்பும் கேள்விப் பட்டியலில் "தொடர்புடைய தரப்பினருடன் நடந்த பரிவர்த்தனைகள்" என்று ஒரு பக்கம் உண்டு. எனக்கு முன்னால் இருந்தவர் வருடா வருடம் "இல்லை" என்று எழுதி அனுப்பியிருக்கிறார், நானும் இரண்டு வருடம் அதையே செய்தேன். இந்த வருடம் புதிதாக வந்த ஆடிட் பெண் வாடகை ரசீதை எடுத்து, "இந்தப் பெயர் யார்?" என்று கேட்டுவிட்டாள். முதலாளியின் மனைவி. நாங்கள் பயன்படுத்தும் கிடங்கு அவர் பெயரில் இருக்கிறது. மாதம் 16,000 ரிங்கிட் வாடகை.

இன்னொன்று, சரக்கு ஏற்றும் லோரி முதலாளியின் மச்சான் கம்பெனியுடையது. ஒரு ட்ரிப்புக்கு 650 ரிங்கிட், மாதம் 40 ட்ரிப் போகும்.

முதலாளியிடம் சொன்னேன். "நான் என்ன திருடிட்டேனா? என் குடும்ப விஷயத்தை எதுக்குக் கணக்குப் புத்தகத்துல போடணும்?" என்று கோபப்பட்டார். கிடங்கும் உண்மை, லோரியும் உண்மை, எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது. அப்புறமும் வருடக் கணக்கோடு சேர்த்து அச்சிடும் குறிப்பில் போட வேண்டுமா?

கணக்குக் குமரன்

கோலாலம்பூரில் கம்பெனி செக்ரட்டரி ஆபீஸில் வேலை செய்கிறேன். கட்டாயம் போட வேண்டும் அக்கா. 2016 கம்பெனிச் சட்டம் 197ஆவது பிரிவில் டைரக்டருடன் தொடர்புள்ள ஆட்கள் யார் என்று பட்டியலே இருக்கிறது. கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், அண்ணன் தம்பி அக்காள் தங்கை, அவர்களுடைய கணவன் மனைவி, மருமகன் மருமகள் எல்லாரும் வருவார்கள். மச்சானும் அதில் அடக்கம். ஆகவே இரண்டும் குறிப்பில் வர வேண்டும். பேச்சுக்கே இடமில்லை.

புக்கிட் தம்பி

எங்கள் பக்கம் எல்லாருமே எல்லாருக்கும் மச்சான்தான். நாசி கண்டார் கடையில் கல்லாவில் இருக்கிறவரும் மச்சான்.

பழைய ஆடிட்டர்

தம்பி சிரிக்கச் சொன்னாலும் கேள்வி அங்கேதான் இருக்கிறது. மல்லிகா, எந்த மச்சான்? முதலாளியின் அக்காள் தங்கை புருஷனா, இல்லை அவர் மனைவியின் அண்ணன் தம்பியா? நம் பேச்சில் இரண்டு பேரும் மச்சான். குமரன் காட்டும் பட்டியலில் முதல் ஆள் இருக்கிறார், இரண்டாவது ஆள் இல்லை. உடன்பிறந்தவரின் துணை வருவார், துணையின் உடன்பிறந்தவர் வரமாட்டார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அந்தப் பட்டியல் சட்டத்தின் வேலைக்காகப் போட்டது. டைரக்டரின் ஆட்களுக்குக் கம்பெனி கடன் கொடுக்கலாமா, அவர்களிடம் பெரிய சொத்து வாங்கலாமா விற்கலாமா என்ற இடங்களில் அது பேசும். கணக்குக் குறிப்பில் என்ன எழுத வேண்டும் என்பதை, தனியார் கம்பெனிகளுக்கான எம்பெர்ஸ் கணக்குத் தரநிலையின் 33ஆவது பகுதிதான் சொல்கிறது. அதன் சல்லடை வேறு. அங்கே உறவுமுறைப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆளை எண்ண மாட்டார்கள். கம்பெனியோடு கொடுக்கல் வாங்கலில் இந்த ஆள் டைரக்டரை வளைப்பார், அல்லது டைரக்டர் இவரை வளைப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா என்று கேட்கும். மனைவி, பிள்ளை, மனைவியின் பிள்ளை, அவர்களை அண்டி வாழ்பவர்கள் கேள்வியில்லாமல் உள்ளே. மற்றவர்களை விஷயத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வெளியே போகலாம், ஒரே வீட்டில் சாப்பிடும் மைத்துனன் உள்ளே வரலாம்.

கிடங்கு விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். மனைவி. போட வேண்டும்.

ஜூரு மல்லிகா

மனைவியின் தம்பி ஐயா. பிறையில் தனி வீடு, தனிக் குடும்பம்.

கணக்குக் குமரன்

சரி, மச்சானில் சறுக்கிவிட்டேன். ஆனால் அக்காவின் கம்பெனியில் கார்ப்பரேட் பங்குதாரர் யாரும் இல்லை, பங்குதாரர்கள் 20 பேருக்கு மேல் இல்லை என்றால் அது விலக்கு பெற்ற தனியார் கம்பெனி. டைரக்டருக்கும் அவருடைய ஆட்களுக்கும் கடன் கொடுக்கக் கூடாது என்கிற 224, 225 பிரிவுகளின் கட்டுப்பாடு அதற்குக் கிடையாது. அப்படியானால் முதலாளி சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே?

பழைய ஆடிட்டர்

கடன் கொடுக்கத் தடை இல்லை என்பதுதான் அந்த விலக்கு. கடனைக் கொடுத்துவிட்டுக் குறிப்பில் மறைக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு கம்பெனி டைரக்டருக்குச் சட்டப்படி கடன் கொடுக்கலாம், கொடுத்த கடனைக் குறிப்பில் காட்டவும் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட கணக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலாளியின் கோபத்துக்கு வருகிறேன். குறிப்பில் போடுவது குற்றப்பத்திரிகை இல்லை. மல்லிகா, உன் கம்பெனியில் பங்கு யார் யாரிடம் இருக்கிறது? முதலாளி மட்டும்தானா?

ஜூரு மல்லிகா

முதலாளி 70 விழுக்காடு. மீதி 30 ஈப்போவில் ஓர் அம்மாவிடம். முதலாளியோடு சேர்ந்து கம்பெனி தொடங்கியவரின் மனைவி. அவர் தவறிவிட்டார், பங்கு இவருக்கு வந்தது. இங்கே வரமாட்டார். வருடத்துக்கு ஒரு முறை கணக்குப் புத்தகம் தபாலில் அனுப்புவோம்.

பழைய ஆடிட்டர்

அப்படியானால் அந்தக் குறிப்பை அவருக்காகத்தான் எழுதுகிறாய்.

கணக்குப் போட்டுப் பார். உன் கிடங்கு எத்தனை சதுர அடி? பக்கத்தில் அதே மாதிரிக் கிடங்கு என்ன வாடகைக்குப் போகிறது?

ஜூரு மல்லிகா

8,000 சதுர அடி. சதுர அடிக்கு 2 ரிங்கிட் கொடுக்கிறோம். பக்கத்து வரிசையில் ஒரு சீனர் கம்பெனி 1 ரிங்கிட் 50 சென்னுக்கு எடுத்திருக்கிறது. அங்கே கணக்கு பார்ப்பவள் என் தோழி, அதனால் தெரியும்.

பழைய ஆடிட்டர்

நல்லது. 1.50 என்றால் மாதம் 12,000. நீங்கள் கொடுப்பது 16,000. வித்தியாசம் 4,000, வருடத்துக்கு 48,000. வரிக்கு முன் உங்கள் லாபம் எவ்வளவு என்று நீ சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். 130,000 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வாடகையே கொடுத்திருந்தால் அது 178,000. ஈப்போ அம்மாவின் 30 விழுக்காட்டுக்கு வரிக்கு முன் 14,400 ரிங்கிட் வித்தியாசம்.

அந்தப் பணம் எங்கே போனது? அதே வீட்டுக்குத்தான், வேறு வாசல் வழியாக. லாபமாகப் போயிருந்தால் 70-க்கு 30 என்று பிரியும். வாடகையாகப் போனால் முழுசும் ஒரே குடும்பத்துக்கு. யாரும் திருடவில்லை, ரசீது எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் லாப நட்டக் கணக்கில் "வாடகை 192,000" என்று மட்டும் இருந்தால், ஈப்போவில் சமையல்கட்டு மேசையில் புத்தகத்தை விரிக்கும் அந்த அம்மாவுக்கு அது ஜூருவில் யாரோ ஒரு வீட்டுக்காரருக்குப் போன வாடகை. "இயக்குநரின் மனைவிக்கு" என்ற இரண்டு சொல் இருந்தால்தான் அவருக்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றும். வாடகை நியாயமா அநியாயமா என்று குறிப்பு சொல்லாது. கேட்க வேண்டிய இடத்தைக் காட்டும்.

கூடுதல் வாடகைக்கு உண்மையான காரணமும் இருக்கலாம். உயரமான கூரை, லோரி ஏற்றும் மேடை, புது வயரிங் என்று ஏதாவது. அதை முதலாளி சொல்லட்டும்.

செந்தூல் பாலு

நான் வேறு மாதிரி கேட்கிறேன். எங்கள் முதலாளியின் மகன் எங்களோடு வேலை செய்கிறான். மார்க்கெட்டிங். மாதம் 6,000 சம்பளம், இபிஎஃப் எல்லாம் முறையாகக் கட்டுகிறோம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவனை வேலையை விட்டு எடுக்க வேண்டுமா? தம்பி நல்லாத்தான் வேலை செய்கிறான்.

பழைய ஆடிட்டர்

யாரையும் எடுக்க வேண்டாம் பாலு! தடை என்று யாரும் சொல்லவில்லை. அவன் டைரக்டரின் மகன், ஆகவே அவனுக்குக் கொடுக்கும் சம்பளமும் குறிப்பில் வர வேண்டும். அவன் நிர்வாகத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தால் முக்கிய நிர்வாகிகளின் மொத்தச் சம்பளத்தோடு சேரும். இல்லையென்றால் இயக்குநரின் குடும்பத்தாருக்குக் கொடுத்தது என்று தனியே ஒரு வரி. 72,000 என்று எழுதி, அதோடு இபிஎஃப் பங்கையும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

செந்தூல் பாலு

பெயரைப் போட்டா? அடுத்த வருடம் அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். சம்பளம் ஊருக்கெல்லாம் தெரியுமே.

பழைய ஆடிட்டர்

பெயர் வேண்டாம். தரநிலை கேட்பது உறவின் தன்மையை. மல்லிகா, இதை உன் முதலாளியிடமும் சொல். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கோபப்படுகிறார்கள், மனைவியின் பெயர் அச்சில் வரும் என்று நினைத்துக்கொண்டு.

தேன்மொழி

கோலாலம்பூரில் நிதிப் பிரிவில் இருக்கிறேன். லோரிக்கு யாரும் முடிவு சொல்லவில்லையே. மல்லிகா, மச்சானை விட்டுவிட்டு லோரி கம்பெனியைப் பாருங்கள். அதில் பங்கு யாரிடம் இருக்கிறது? கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தின் தளத்தில் பணம் கட்டி அந்தக் கம்பெனியின் விவரத்தாளை வாங்குங்கள். டைரக்டர்கள், பங்குதாரர்கள் எல்லாம் அதில் இருக்கும்.

இன்னொரு சின்ன சோதனை. அவர்கள் அனுப்பும் பில் எண்களை வரிசையாகப் பாருங்கள்.

ஜூரு மல்லிகா

பில்லைப் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு பில். 0112, 0113, 0114, 0115... நடுவில் ஒரு எண் கூட விடுபடவில்லை. வருடம் முழுக்க அப்படியே.

தேன்மொழி

அப்படியென்றால் அவர்களுக்கு உங்களைத் தவிர வேறு வாடிக்கையாளர் இல்லை. பணம் எத்தனை நாளில் கொடுக்கிறீர்கள்?

ஜூரு மல்லிகா

ஒரு வாரத்தில். மற்ற லோரிக்காரர்களுக்கு 60 நாள். முதலாளி அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். இது என் மேசையிலேயே இருந்தது, நான்தான் யோசிக்கவில்லை.

பழைய ஆடிட்டர்

ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பது மட்டும் யாரையும் தொடர்புடைய தரப்பு ஆக்காது. பெரிய தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கும் சின்னப் பட்டறைகள் பிறையில் எத்தனையோ உண்டு. இரண்டு கம்பெனிக்கு ஒரே டைரக்டர் இருப்பது மட்டுமே போதாது என்றும் தரநிலை சொல்கிறது. ஆனால் தொடர் எண், ஏழு நாள் பணம், மனைவியின் தம்பி என்று மூன்றும் ஒன்றாக வந்தால் நான் விட மாட்டேன். விவரத்தாளை வாங்கு.

*மூன்று நாள் கழித்து*

ஜூரு மல்லிகா

வாங்கிவிட்டேன். லோரி கம்பெனியில் 60 விழுக்காடு முதலாளியின் மனைவியிடம், 40 தம்பியிடம்.

பழைய ஆடிட்டர்

மச்சான் யார் என்று இவ்வளவு நேரம் மண்டையை உடைத்ததற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. டைரக்டரின் மனைவி கட்டுப்படுத்தும் கம்பெனி, நேராக உள்ளே வரும். தமிழில் எழுதிக் காட்டுகிறேன், ஆங்கிலத்திலோ மலாயிலோ மாற்றிக்கொள்:

"இயக்குநர் ஒருவரின் மனைவிக்குச் செலுத்திய கிடங்கு வாடகை 192,000 ரிங்கிட். இயக்குநர் ஒருவரின் மனைவி கட்டுப்படுத்தும் நிறுவனத்துக்குச் செலுத்திய போக்குவரத்துக் கட்டணம் 312,000 ரிங்கிட். ஆண்டு முடிவில் அந்நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 6,500 ரிங்கிட். இதற்குப் பிணையும் வட்டியும் இல்லை, ஏழு நாளில் ரொக்கமாகத் தீர்க்கப்படும்."

பாக்கி 10 ட்ரிப் என்று நான் யூகித்துப் போட்டது, உன் லெட்ஜரைப் பார்த்துத் திருத்து. பக்கத்திலேயே சென்ற வருடத் தொகையும் வர வேண்டும். சென்ற வருடம் "இல்லை" என்று எழுதியிருந்தாலும் இப்போது வாடகையைச் சரியாகக் காட்டு.

ஒன்றை மட்டும் எழுதாதே. "இவை வெளியாருடன் செய்வது போன்ற அதே நிபந்தனைகளில் நடந்தன" என்று பலர் பழைய கணக்கிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவார்கள். ஆதாரத்தோடு நிரூபிக்க முடிந்தால்தான் அந்த வரியை எழுதலாம். ஒருவருக்கு ஏழு நாள், மற்றவர்களுக்கு 60 நாள் என்று உன் லெட்ஜரே சாட்சி சொல்லும்போது எப்படி எழுதுவாய்?

ஜூரு மல்லிகா

இன்னொரு சிக்கல். பங்கு மாற்றிய பாரத்தின் நகலை ஆடிட் பெண் கேட்டு வாங்கினாள். மனைவிக்கு 60 விழுக்காடு வந்தது ஜூலை 1-ல்தான். அதற்கு முன்னால் முழுசும் தம்பியுடையது. 312,000 வருமா, இல்லை ஜூலைக்கு அப்புறம் உள்ள 156,000 மட்டுமா?

தேன்மொழி

156,000 தான். உறவு இருந்த காலத்துப் பரிவர்த்தனையைத்தான் காட்ட வேண்டும். ஜூலைக்கு முன் அவர் தனிக் குடும்பம், தனித் தொழில். சென்ற வருட லோரிக்கும் அதே பதில்.

பழைய ஆடிட்டர்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜூலைக்கு முன்னாலும் ஒரே வாடிக்கையாளர், அப்போதும் ஏழு நாள் பணம். யாருடைய வார்த்தைக்கு அந்த ஏழு நாள்? மனைவியின் தம்பி என்பதால்தானே. வளைக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நானாக இருந்தால் வருடம் முழுவதையும் காட்டுவேன்.

தேன்மொழி

ஐயா, நல்ல சர்வீஸ் கொடுப்பதால் சீக்கிரம் பணம் கொடுத்திருக்கலாம். சந்தேகத்தை வைத்து அவரை நெருங்கிய குடும்பம் என்று எழுத முடியாது. 650 ரிங்கிட் மற்ற லோரிக்காரர்களின் விலையை விட அதிகமா?

ஜூரு மல்லிகா

இல்லை, மற்றவர்கள் 680 கேட்கிறார்கள். இவர் விலை குறைவுதான்.

புக்கிட் தம்பி

அப்படியென்றால் மச்சானால் கம்பெனிக்கு லாபம். ட்ரிப்புக்கு 30 வெள்ளி. அதையும் ஏன் எழுத வேண்டும்?

பழைய ஆடிட்டர்

மலிவாக இருந்தாலும் எழுத வேண்டும் தம்பி. சும்மா கொடுத்தாலும் எழுத வேண்டும், விலை இருக்கிறதா இல்லையா என்பதே கணக்கில்லை. பட்டர்வொர்த்தில் நான் பார்த்த ஒரு கடை. டைரக்டரின் அம்மாவுக்குச் சொந்தமான கடைவீட்டில் வாடகை இல்லாமல் நடந்தது. வருட லாபம் 60,000 என்று கணக்கு காட்டியது, குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கணக்கைப் பார்த்து ஒருவர் பாதிப் பங்கை வாங்கினார். அம்மா தவறிய பிறகு மற்றப் பிள்ளைகள் வந்து மாதம் 3,500 வாடகை கேட்டார்கள். வருடத்துக்கு 42,000. மிச்சம் 18,000. வாங்கியவர் என்னிடம் வந்து, "கணக்கு பொய்யா?" என்று கேட்டார். எண்ணில் பொய் இல்லை. அந்த ஒரு வரி இல்லை.

அப்போது ஆடிட் செய்த குழுவில் நானும் ஜூனியராக இருந்தேன். வாடகைச் செலவு ஏன் இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இருக்கிற ரசீதைச் சரிபார்ப்பது எளிது, இல்லாத ரசீதைத் தேட வேண்டும் என்று தோன்றுவதுதான் கஷ்டம். டைரக்டர் வாயைத் திறக்காவிட்டால் ஆடிட்டர் கண்ணுக்கு இது எல்லா நேரமும் படாது.

கணக்குக் குமரன்

221ஆவது பிரிவையும் மறக்காதீர்கள். கம்பெனியின் ஒப்பந்தத்தில் டைரக்டருக்கு நேராகவோ சுற்றியோ ஆதாயம் இருந்தால் போர்டு கூட்டத்தில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். இது குறிப்புக்கு மேல் தனி வேலை. இந்த முறை சரியாகச் சொன்னேனா ஐயா?

பழைய ஆடிட்டர்

சரியாகச் சொன்னாய். கூட்டக் குறிப்பேட்டில் அது இருக்கிறதா என்று மல்லிகா பார்க்கட்டும்.

*மறு வாரம்*

ஜூரு மல்லிகா

பெயர் வராது என்றதும் முதலாளி பாதி இறங்கினார். குறிப்பின் வரைவைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, "ஈப்போ அக்கா இதைப் படிப்பாங்களா?" என்று கேட்டார். போன வருடம் மின்சாரச் செலவு ஏன் ஏறியது என்று போன் செய்து கேட்டவர், கண்டிப்பாகப் படிப்பார் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. கூரை உயரம் 30 அடி, பக்கத்து வரிசையில் அப்படி இல்லை என்று அப்புறம் சொன்னார். அது உண்மைதான். அதற்குச் சதுர அடிக்கு 50 சென் தகுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை விவகாரத்தை ஆடிட் நிறுவனத்தின் பார்ட்னர் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. போர்டு கூட்டக் குறிப்பேட்டில் கிடங்கைப் பற்றியும் லோரியைப் பற்றியும் ஒன்றும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தைத் தேடினேன், அதுவும் இல்லை. 2019-ல் வாய்ப்பேச்சாக முடித்தது.

பழைய ஆடிட்டர்

இல்லையென்றால் இல்லை என்றே ஆடிட்டரிடம் சொல். இன்றைய தேதியில் புதிதாக ஒன்று எழுதி முத்திரை வரி கட்டலாம், இன்றைய தேதியில் போர்டிலும் பதிவு செய்யலாம். 2019 தேதி போட்டு மட்டும் எதையும் தயார் செய்யாதே.

ஜூரு மல்லிகா

அதைத்தான் ஐயா, முதலாளி நேற்று என்னிடம் கேட்டார்.